தன்வினையில் சாகும் கைவினைகள்: பறை செய்வோர் பற்றிய ஆவணப்படத்துக்குப் பின்னணி உரை எழுதுதல்

கிராமக் கைவினை பற்றிய ஆவணப்படங்களில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் 'அழிந்துவருகிறது' என்பது. கலை அழிந்துவருகிறது, தொழில் நலிந்துவருகிறது, மரபு மறைந்துவருகிறது. மூன்றும் தன்வினைகள். பழம் பழுப்பதைப்போல, இலை உதிர்வதைப்போல, தொழில் தானாகவே அழிகிறது. யாரும் அழிக்கவில்லை, யாரும் கைவிடவில்லை, கைவிடுவதற்கு யாருக்கும் காரணமும் இல்லை.

நெசவுக்கோ மண்பாண்டத்துக்கோ இந்தத் தன்வினை ஓரளவு பொருந்தக்கூடும். தோலைத் தொட்டுச் செய்யும் தொழில்களுக்கு அது பொருந்தாது. அங்கே ஒரு தொழிலைச் செய்தவர்கள் பலர் விரும்பி அதற்கு வந்தவர்கள் அல்லர். விட்டவர்கள் பலர் விரும்பியே விட்டவர்கள். அந்த விருப்பத்தைச் சொல்லாமல் இழப்பை மட்டும் சொல்லும் பின்னணி உரை, கேமரா நேர்மையாகப் பதிவு செய்ததையும் பொய்யாக்கிவிடும். எனவே பறை செய்வோர் பற்றிய 24 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, அதன் பின்னணி உரையைத் தலைப்புக்கு முந்தைய காட்சியிலிருந்து இறுதிவரை எப்படி எழுதுவது என்று இங்கே பார்ப்போம். படம் நாம் கற்பனையாகக் கட்டிக்கொள்வது. அதில் வரும் தொழிலும் சட்டமும் வரலாறும் உண்மையானவை.

முதலில் ஒரு கணக்கு

உரை எழுத உட்காரும் முன், எவ்வளவு எழுதலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழில் நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 90 சொற்கள் செல்லும். ஆங்கிலத்தில் இதைவிடக் கூடுதலாகச் செல்லும். வேற்றுமை உருபும் காலமும் இடமும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலப் படங்களின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு எழுதியவர்கள், ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பவரை மூச்சு வாங்க வைத்துவிடுவார்கள்.

24 நிமிடப் படத்தில் பின்னணி உரை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். எட்டு நிமிடம், அதாவது 720 சொற்கள். மீதிப் பதினாறு நிமிடமும் அந்தத் தொழிலைச் செய்கிறவருக்கும், அவர் வீட்டாருக்கும், பறையின் ஒலிக்கும், மௌனத்துக்கும் உரியவை. இந்த 720 சொற்களை முன்காட்சிக்கு 25, முதல் அங்கத்துக்கு 180, இரண்டாம் அங்கத்துக்கு 300, மூன்றாம் அங்கத்துக்கு 215 என்று பிரித்துக்கொள்கிறோம். இரண்டாம் அங்கத்துக்கு அதிகம் தருவதற்குக் காரணம் உண்டு. தொழிலைப் படம் காட்டிவிடும். வரலாற்றைக் காட்ட முடியாது, சொல்லத்தான் வேண்டும்.

முன்காட்சி: கேள்வியை வைப்பது

படத்தின் தலைப்பு திரையில் தோன்றுவதற்கு முன், எந்த அறிமுகமும் இன்றி நேராக ஒரு நிகழ்வுக்குள் பார்வையாளரை இறக்கிவிடும் காட்சியைத் திரைத்துறையில் 'கோல்ட் ஓப்பன்' என்பர். நாம் அதை முன்காட்சி என்றே அழைப்போம். அதன் வேலை சுருக்கம் தருவதன்று. படம் முழுவதும் பார்வையாளர் சுமந்து செல்லும் ஒரு கேள்வியை அவர் கையில் கொடுப்பதே அதன் வேலை.

வழக்கமான முன்காட்சி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ட்ரோன் கேமரா வயல்களின் மேல் பறக்கும், புல்லாங்குழல் ஒலிக்கும், பின்னணிக் குரல் தொடங்கும்:

"இளங்காலை வெயிலில் கண்விழிக்கும் அழகிய கிராமம். இங்கே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டுவரும் ஒரு தொன்மையான கலை, இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது."

இதில் எந்தக் கேள்வியும் இல்லை. பதில் மட்டுமே இருக்கிறது. மேலும் 'கிராமம்' என்ற ஒரே சொல்லில் ஊரும் சேரியும் ஒன்றாக்கப்பட்டுவிட்டன. வானிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் தெரிவதில்லை. பறை செய்கிறவர் வாழும் இடம் ஊர் என்ற சொல்லுக்குள் பல நூற்றாண்டுகளாகச் சேர்க்கப்படாத இடம். 'காக்கப்பட்டுவரும்' என்பதும் கவனிக்கத்தக்கது. காத்தவர் யார், காக்கச் சொன்னவர் யார் என்ற இரண்டையும் அந்தச் செயப்பாட்டுவினை விழுங்கிவிடுகிறது.

இதற்கு மாற்றாக 75 வினாடி முன்காட்சி ஒன்றை எழுதிப் பார்ப்போம். இரவு. வைக்கோல் எரிகிறது. ஒரு கை பறையின் முகத்தைத் தீக்கு அருகே காட்டித் திருப்புகிறது. விரலால் தட்டுகிறது, ஒலி தளர்ந்து கேட்கிறது. மீண்டும் சூடு, மீண்டும் தட்டல். ஒலி சற்று ஏறுகிறது. மூன்றாம் முறை ஒலி கணீரென்று எழுகிறது. அதுவரை எந்த உரையும் இல்லை. ஒலி அடங்கிய பிறகு குரல் வருகிறது:

"இந்தப் பறையைச் செய்ய அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. இதைச் செய்யக் கற்றபோது அவருக்கு வயது பதினொன்று. கற்பித்தவர் தந்தை. தன் மகனுக்கு இதைக் கற்பிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன."

தலைப்பு. இருபத்தைந்து சொற்கள், ஏறத்தாழ 17 வினாடி. இங்கே தொழில் தானாக அழியவில்லை, ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். இவ்வளவு நுட்பமாகச் செய்யத் தெரிந்தவர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதே படத்தின் கேள்வி. 'மறைகிறது' என்பதிலிருந்து 'முடிவெடுத்தார்' என்பதற்கு நகர்ந்தவுடன் படத்துக்கு ஒரு மனிதர் கிடைத்துவிடுகிறார்.

முதல் அங்கம்: அறிவைக் காட்டுவது

முதல் அங்கம் ஏழு நிமிடம். பறை எப்படி உருவாகிறது என்பதை மட்டுமே இது காட்டுகிறது. சாதி பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை. அதற்குக் காரணம் தயக்கமன்று. பார்வையாளர் முதலில் அவரைத் தொழில்நுட்பம் அறிந்தவராகச் சந்திக்க வேண்டும். துன்பப்பட்டவராக மட்டும் சந்தித்தால், அவருடைய அறிவு படம் முழுவதும் கண்ணில் படாமல் போய்விடும்.

செய்முறை இது. வளைவாக வெட்டிய மரத்துண்டுகள் மூன்றை இரும்புத் தகடுகளால் இணைத்து வட்டச் சட்டம் செய்கிறார்கள். வேம்பு, பூவரசு போன்ற மரங்கள் பயன்படுகின்றன. மயிர் நீக்கிப் பதப்படுத்திய மாட்டுத்தோலை நீரில் ஊறவைத்து இளக்குகிறார்கள். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைச் சட்டத்தின் விளிம்பில் தடவி, ஈரத்தோலை அதன்மேல் இழுத்துக் கட்டுகிறார்கள். தோல் காயும்போது சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே முகத்துக்கு விறைப்பைத் தருகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இழுக்கப்படாவிட்டால், காய்ந்த பிறகு ஒரு பக்கம் தட்டினால் ஓர் ஒலியும் மறுபக்கம் தட்டினால் வேறோர் ஒலியும் வரும். காற்றின் ஈரத்தைத் தோல் உறிஞ்சிக்கொள்வதால் முகம் தளர்கிறது. அதனால்தான் வாசிப்பதற்கு முன் தீயில் காட்டுகிறார்கள். சூடு மிகுந்தால் தோல் வெடித்துவிடும். போதும் என்பதைக் கண் சொல்வதில்லை, காது சொல்கிறது.

இவ்வளவையும் உரையில் எழுத வேண்டியதில்லை. கைகள் தோலை இழுப்பது திரையில் தெரியும்போது 'அவர் தோலை இழுக்கிறார்' என்று குரலும் சொல்வது வீண். படத்தில் தெரியாததை மட்டுமே உரை சொல்ல வேண்டும். தோல் இழுக்கப்படும் காட்சிக்கு உரிய வரி இவ்வாறு இருக்கலாம்: "இப்போது தவறினால் அது நாளைக்குத்தான் தெரியும், தோல் காய்ந்த பிறகு." பசை காய்ச்சும் காட்சிக்கு உரையே தேவையில்லை. எழுதும் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் உரையையும் எழுதிக்கொண்டால், இரண்டும் ஒன்றையே சொல்லும் இடங்கள் உடனே கண்ணில் படும். அவ்வரிகளை அடித்துவிடலாம்.

ஒலிக்கும் இந்த விதி உண்டு. பறை அதிரும்போது உரை கூடாது. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் சேர்ந்து எழுப்பும் ஒலியின் மேல் குரலை ஏற்றினால், ஒலிப்பதிவாளர் பறையின் ஒலியைத் தாழ்த்துவார். பறையைப் பற்றிய படத்தில் பறையின் குரலையே தாழ்த்துவதாக அது முடியும்.

ஒவ்வோர் அங்கமும் ஒரு திருப்பத்தில் முடிய வேண்டும். அடுத்த அங்கம் அந்தத் திருப்பத்திலிருந்து பிறக்க வேண்டும். முதல் அங்கத்தின் முடிவில் பறை தயாராகிவிட்டது. பார்வையாளர் வியப்பில் இருக்கிறார். அப்போது உரை எளிய கேள்வி ஒன்றைக் கேட்கிறது: "இந்தத் தோல் எங்கிருந்து வந்தது?"

இரண்டாம் அங்கம்: எழுவாயைத் திருப்பித் தருவது

ஒன்பது நிமிட இந்த அங்கமே படத்தின் முதுகெலும்பு. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, தோலை உரிப்பது, இழவு வீட்டில் பறை அடிப்பது, அதற்குத் தானியமோ சிறு காசோ பெறுவது ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகளாகத் தலித்துகள்மீது சுமத்தப்பட்டவை. பறை செய்யும் அறிவு அந்தச் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்தது. 1936-இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர், சாதியை வெறும் வேலைப் பகிர்வு என்று நியாயப்படுத்துவோரை மறுத்து, அது உழைப்பவர்களையே மேல் கீழாக அடுக்கி வைக்கும் ஏற்பாடு என்று வாதிட்டார். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் 'பரம்பரைத் தொழில்' என்ற பெருமைச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பின்னணி உரை எழுதுவோர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே இலக்கணம் அரசியலாகிறது. ஒரே செய்தியை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம்.

"துக்க நிகழ்வுகளில் பறை இசைக்கப்பட்டுவந்தது." இதில் ஒருவரும் இல்லை.

"துக்க நிகழ்வுகளில் அவர்கள் பறை இசைத்துவந்தனர்." இசைத்தவர் வந்துவிட்டார், இசைக்க வைத்தவர் வரவில்லை. விருப்பத்தோடு செய்ததாகவே காதில் விழுகிறது.

"ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் அனுப்புவார்கள். வர மறுத்தவருக்கு அடுத்த நாள் வயலில் வேலை இருக்காது." இப்போது இரு தரப்பும் திரையில் நிற்கின்றன. கோபச் சொல் ஒன்றும் இல்லை. 'கொடுமை', 'அவலம்' என்ற பெயர்ச்சொற்களும் தேவைப்படவில்லை. மூன்றாவது வரியை எழுத ஒரு நிபந்தனை உண்டு: அந்தக் குறிப்பிட்ட இடத்தில் அப்படி நடந்தது என்று அங்குள்ளோர் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவாகியிருக்க வேண்டும். எல்லா ஊருக்கும் பொருந்தும் பொது வரியாக அதை எழுதக் கூடாது.

அடுத்து மறுப்பின் வரலாறு. 1927 மார்ச்சில் மகாடில் கூடிய மாநாட்டில் அம்பேத்கர், செத்த விலங்கின் இறைச்சியை உண்பதை விடுமாறும் இழிவாகச் சுமத்தப்பட்ட வேலைகளைக் கைவிடுமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டார். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் பசுப் பாதுகாவலர் எனக் கூறிக்கொண்டோரால் கட்டிவைத்து அடிக்கப்பட்டபோது, சுரேந்திரநகரில் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டார்கள். இனி இந்த வேலையைச் செய்ய மாட்டோம் என்று பலர் உறுதியேற்றார்கள். இவை பறையைப் பற்றிய நிகழ்வுகள் அல்ல. ஆனால் தோல் தொழில் 'மறைவதற்கு' ஒரு காரணம் இயந்திரம் என்றால், இன்னொரு காரணம் மனிதர்களின் மறுப்பு என்பதை இவை காட்டுகின்றன.

சட்டமும் இந்த மறுப்பின் பக்கமே நிற்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1976 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவு, தீண்டாமையின் பேரால் ஒருவரைச் செத்த விலங்கை அகற்றவோ தோலுரிக்கவோ கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிணங்களையோ விலங்கின் சடலங்களையோ அகற்ற வைப்பதையும் குழி தோண்ட வைப்பதையும் வன்கொடுமைகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் குற்றம் என்று சொல்லும் கட்டாயத்தைப் பின்னணிக் குரல் 'மரபுவழிக் கடமை' என்று இசையோடு சொன்னால், அது வெறும் சொற்பிழையாக நின்றுவிடாது.

இரண்டாம் அங்கம் முடியும்போது பார்வையாளருக்கு முன்காட்சிக் கேள்வியின் பதில் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஏன் மகனுக்குக் கற்பிக்கவில்லை என்று இப்போது தெரியும். படம் இங்கேயே முடிந்தால் அது ஒரு வாதமாக மட்டும் நிற்கும். ஆகவே திருப்பம் வேறு பக்கம் போகிறது. காட்சி மாறுகிறது: கல்லூரி மேடையில் மாணவர்கள் பறை அடிக்கிறார்கள். உரை சொல்கிறது: "பறை மறையவில்லை."

மூன்றாம் அங்கம்: எளிய முடிவை மறுப்பது

பறையைத் தூக்கி எறிவதா, விடுதலையின் கருவியாக ஏந்துவதா என்பது தலித் இயக்கங்களுக்குள் நீண்ட காலமாக நடந்துவரும் விவாதம். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. சாவு வீட்டு வாசலில் அவமானப்பட்டவருக்கு அந்த ஒலியே காயம். அதே ஒலியைப் போராட்டக் களத்தில் எழுப்பிய இளைஞருக்கு அது மீட்சி. மதுரை மாவட்டத்தின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெண்கள் பறை அடிக்கும் குழுக்கள் உருவாகியுள்ளன.

ஆனால் நம் படம் பறையை அடிப்பவரைப் பற்றியதன்று, செய்பவரைப் பற்றியது. வாசிப்பு மேடை ஏறும்போது செய்கை எங்கே நிற்கிறது? மிருதங்கத்தின் கதை இங்கே நினைவுக்கு வர வேண்டும். மிருதங்கம் செய்வோரின் வாழ்வை, அவர்களுள் தலித் கிறித்தவக் குடும்பங்களின் வாழ்வை, டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூல் 2020-இல் வெளிவந்தது. வெளியீட்டு விழாவுக்கு முதலில் அரங்கு தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா பின்னர் அனுமதியைத் திரும்பப் பெற்றது. வாத்தியத்தின் ஒலியைப் போற்றும் அவையில், அதன் தோலைப் பற்றிப் பேசுவது எளிதாக இல்லை.

பறையிலும் இதே இடைவெளி வேறு உருவில் இருக்கிறது. செயற்கைத் தோலும் இரும்பு வளையமும் திருகாணியும் கொண்ட பறைகள் வந்துவிட்டன. அவற்றைத் தீயில் காட்ட வேண்டியதில்லை, மழையிலும் ஒலிக்கும், திருகாணியை இறுக்கினால் சுருதி ஏறும். மேடைக் குழுவுக்கு அது வசதி. தோலைத் தொடாமல் பறையைத் தொடலாம் என்பதும் அந்த வசதியில் அடங்கும். இதைக் குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. செய்கிறவரே அந்த மாற்றத்தை வரவேற்கலாம். நம் படத்தில் அவர் இரண்டையும் அடித்துக் காட்டுகிறார். எது நல்ல ஒலி என்று கேட்டால் தோற்பறையைக் காட்டுகிறார். எதைச் செய்ய விருப்பம் என்று கேட்டால் மற்றொன்றைக் காட்டுகிறார்.

இந்த முரணை உரை விளக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் எழுதுகிறவருக்கு ஆசை மிகும்: 'நெஞ்சில் நெருப்பும் கண்ணில் நீருமாக' என்று ஏதாவது ஒரு வரி எழுதத் தோன்றும். அவர் சொன்ன இரண்டு பதில்களுக்கும் இடையே நான்கு வினாடி மௌனம் போதும்.

இறுதிக் காட்சி முன்காட்சிக்கே திரும்புகிறது. அதே வைக்கோல் தீ, அதே கை. ஆனால் இப்போது நாம் வேறு காதோடு கேட்கிறோம். உரை ஒரு வரி மட்டும்: "அவர் அறிந்ததைக் கற்க விரும்புவோர் இப்போது வருகிறார்கள். அதைக் கற்பிப்பதா என்பதை அவரே முடிவு செய்வார்." 'இக்கலையைக் காப்பது நம் கடமை' என்று முடிக்கும் வழக்கத்தை நாம் தவிர்க்கிறோம். ஏனெனில் அந்த 'நம்' யாரைக் குறிக்கிறது என்று கேட்டால், தொழிலைச் சுமந்தவர்கள் அதற்குள் இருப்பதில்லை. மீண்டும் அவர்கள்தாம் சுமக்க வேண்டியிருக்கும்.

பதிவுக்கு முன் மூன்று சோதனைகள்

உரை எழுதி முடித்ததும், வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தன்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் பக்கத்தில் 'யார்?' என்று எழுதி, விடை தெரிந்த இடங்களில் வாக்கியத்தை மாற்ற வேண்டும். உண்மையிலேயே தானாக நிகழ்ந்தவை மட்டும் தன்வினையில் நிற்கட்டும். தோல் காய்வது தன்வினைதான். தொழில் ஒழிவது அப்படியன்று.

இரண்டாவது, மரியாதை. ஊர் ஒருமையில் அழைத்தவரை உரை 'அவர்' என்று அழைக்கிறதா? 'பறையடிப்பவன்' போன்ற சொற்கள் யாருடைய வாயிலிருந்து வருகின்றன என்பது தெளிவாக இருக்கிறதா? அவர் பேசும் வட்டாரத் தமிழுக்கு எழுத்துத் தமிழில் அடிவரி போட்டால், அவருடைய மொழி மொழிபெயர்ப்பு தேவைப்படும் மொழி என்று ஆகிவிடும். ஒலி தெளிவாகப் பதிவானால் அடிவரி வேண்டியதில்லை.

மூன்றாவது, முழு உரையையும் பதிவுக்கு முன் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். இது நன்றியறிதல் சடங்கன்று. இரண்டாம் அங்கத்தில் பெயரோடும் இடத்தோடும் சொல்லப்படும் ஒரு வரியின் விளைவை, படக்குழு கிளம்பிய பிறகு அங்கேயே வாழப்போகிறவர்கள்தாம் சந்திப்பார்கள். எந்தப் பெயர் இருக்கலாம், எது நீங்க வேண்டும் என்று அவர்களே சொல்ல வேண்டும். மகனும் உடனிருந்து கேட்பது நல்லது. படத்தின் முதல் இருபத்தைந்து சொற்களும் அவரைப் பற்றியவையே. தந்தை எடுத்த முடிவை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று படக்குழு இதுவரை கேட்காமல் இருந்திருந்தால், மூன்றாம் அங்கத்தை மீண்டும் படமாக்க வேண்டியிருக்கும்.